டைல்ஸ் தரைக்கு எந்த மாப்? தண்ணீர் வீணாவது எங்கே?

2019 கோடையில் வேளச்சேரியில் லாரி தண்ணீரைக் குடக்கணக்கில் புழங்கியபோதுதான் எங்கள் வீட்டுக்கு ஸ்பின் மாப் வந்தது. தண்ணீர் குறைந்தது உண்மை. ஆனால் ஹாலில் வெள்ளையாகப் பூத்ததுபோல் ஒரு படலம். மாப்பைத் திட்டினேன். தப்பு என்னுடையது.

போர் தண்ணீரில் உப்பு அதிகம். தரையில் விட்டுவைக்கும் ஈரம் காயும்போது தண்ணீர் போய்விடும், உப்பு அங்கேயே தங்கும். கையால் பிழிந்த துணிதான் அதிக ஈரத்தை விடும், ஸ்பின் மாப் அதைவிடக் குறைவு, தட்டைப் பலகையில் மைக்ரோஃபைபர் துணி மாட்டும் ஃப்ளாட் மாப்பை நன்றாகப் பிழிந்தால் இன்னும் குறைவு.

நான் செய்த தப்பு, ஸ்பின் மாப் வாளியை முக்கால்வாசி நிரப்பியது. தண்ணீர் சுழலும் கூடையின் அடியைத் தொட்டால் எத்தனை முறை சுற்றினாலும் மாப் காயாது. உள்ளே இருக்கும் கோட்டுக்குக் கீழே, 3 லிட்டர் போதும். சுற்றிய பின் தூக்கிப் பிடித்தால் ஒரு சொட்டும் விழக்கூடாது. அப்புறம், பெரும்பாலான ஸ்பின் மாப்பில் பிழியும் அழுக்கு அதே தண்ணீருக்குத்தான் திரும்பும். வாளியின் அடி தெரியாமல் கலங்கிவிட்டால் மாற்றிவிட வேண்டும். சிக்கனம் என்று அதிலேயே சமையலறைவரை போனால் ஹால் மண்ணை அங்கே பூசுகிறோம்.

எங்கள் இரண்டு படுக்கையறை வீட்டில் அளந்து பார்த்தேன். பழைய பனியன் துணியில் துடைத்த நாளில் அரை வாளி வீதம் மூன்று முறை மாற்ற, ஏறக்குறைய 24 லிட்டர் போனது. ஸ்பின் மாப்பில் 3 லிட்டர் வீதம் இரண்டு முறை, கடைசியில் அலச 2 லிட்டர், ஆக 8. ஃப்ளாட் மாப்பில் நான்கு துணிகளை நனைக்க ஒரு லிட்டர், பிறகு துவைக்க 5 லிட்டர், ஆக 6.

ஆனால் இந்தக் கணக்கு அறைக்கு ஒரு துணி என்று மாற்றினால்தான். ஒரே துணியை ஒவ்வொரு அறைக்கும் வாளியில் முக்கி எடுத்தால் லாபம் இல்லை. அந்த மைக்ரோஃபைபர் துணியைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம், ஈரம் உறிஞ்சாது.

தரை கழுவும் திரவத்தைக் கூடுதலாக ஊற்றுவதுதான் தண்ணீருக்குப் பெரிய எதிரி. பிசுபிசுப்பில் காலடித் தடம் பதியும், வெறும் தண்ணீரில் மறுபடி துடைக்க வேண்டிவரும். புட்டியில் போட்டிருக்கும் அளவோடு நிறுத்துங்கள்.

ஏற்கெனவே படிந்த உப்புக்கு, வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து துடைக்கலாம். டைல்ஸுக்கு மட்டும். பழைய மயிலாப்பூர் வீடுகளில் இருக்கும் மொசைக் தரைக்கு வேண்டாம். அதிலுள்ள பளிங்குத் துண்டுகளை அமிலம் அரிக்கும்.

துணியைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. சாம்பார் கொட்டினாலும் சிலிண்டர் வைத்திருக்கும் மூலையைத் துடைக்கவும் குனிந்து பனியன் துணியைத்தான் எடுக்கிறேன்.