மாட்டுக் கடன்: தவணையைப் பால் விசையில் போட்டுப் பாருங்கள்

பகோ, தாட்டோன் பக்கம் கடனில் கறவை மாடு வாங்குவோர், தவணையைக் கியாட்டில் பார்க்காமல் பாலாக மாற்றிப் பாருங்கள். விலை ஏறி இறங்கினாலும் இந்தக் கணக்கு ஓரளவு நிற்கும்.

உதாரணமாக, சராசரியாக நாளுக்கு 6 விசை கறக்கும் மாடு. தீவனம், மருந்துக்கு மூன்றரை விசையின் காசு போனால் மிச்சம் இரண்டரை. மாதம் 75 விசை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 300 நாள் கறவையில் மிச்சம் 750 விசை. பால் வற்றும் 60 நாளும் தீவனம் உண்டு. நாளுக்கு ஒன்றரை வீதம் 90 கழியும். மீதி 660, பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் 55தான். தவணை அதைத் தாண்டினால் வேண்டாம்.

ஈன்ற மூன்று மாதத்தில் சினை பிடிக்காவிட்டால் வறட்டு நாள் நீளும், 55-உம் குறையும். விற்பவர் காட்டுவது ஈன்ற இரண்டாம் மாத உச்சக் கறவை. அதைச் சராசரியாக எடுக்காதீர்கள்.