பாட் போடும் ஆர்டருக்கு எவ்வளவு ஆயுள்? DAY, IOC, GTT-யில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையால் ஆர்டர் போடும்போது validity என்ற பெட்டியை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை, அதற்குத் தேவையும் இருப்பதில்லை. ஆர்டர் நிற்கிறதா, போய்விட்டதா என்று நாமே திரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். நமக்காகத் தானாக ஆர்டர் போடும் நிரலான பாட் அப்படிப் பார்ப்பதில்லை. நீங்கள் எழுதிக் கொடுத்ததை மட்டுமே அது நம்பும், அதனால் அந்த ஒரு பெட்டியைத் தப்பாகப் புரிந்துகொண்டு எழுதினால் தவறு கண்ணில் படுவதற்குள் பணம் போய்விடும். NSE பங்குச் சந்தையையும் Zerodha புரோக்கரின் Kite Connect ஏபிஐ-யையும் வைத்துச் சொல்கிறேன், மற்ற புரோக்கர்களிடம் பெயர்கள் கொஞ்சம் மாறும்.

முதலில் IOC. வந்தவுடன் கிடைப்பதை எடுத்துக்கொள், கிடைக்காததை ரத்து செய், அவ்வளவுதான். இதில் பலர் தவறவிடுவது "கிடைப்பதை எடுத்துக்கொள்" என்ற பாதியை. முழுசாகக் கிடைத்தால் வாங்கும், இல்லாவிட்டால் மொத்தமும் ரத்தாகும் என்று நினைத்துக்கொண்டு கோடு எழுதுகிறார்கள். அது வேறு வகை, FOK என்று பெயர். IOC பகுதியாகவும் நிறைவேறும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 500 பங்கு வாங்க 412.50 லிமிட்டில் IOC போடுகிறீர்கள். விற்பவர்கள் பக்கம் 412.40-ல் 180 பங்கும், 412.50-ல் 120 பங்கும் இருக்கின்றன, அடுத்தது 412.75. உங்களுக்கு 300 பங்கு கிடைக்கும், மீதி 200 ரத்தாகும். ஆர்டரின் நிலை என்று என்ன வரும்? CANCELLED. பாட் இதை "ஆர்டர் தோற்றுவிட்டது" என்று படித்து மறுபடி 500-க்கு அனுப்புகிறது, இந்த முறை விற்பவர்கள் வந்திருப்பதால் முழுசாகக் கிடைக்கிறது. இப்போது கையில் 800 பங்கு. பாட்டின் கணக்கில் 500, அது போடும் ஸ்டாப் லாஸும் 500-க்குத்தான். மீதி 300 பங்கு, சுமார் 1.24 லட்சம் ரூபாய், எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நிற்கிறது.

நிலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், நிறைவேறிய எண்ணிக்கையைப் பாருங்கள்.

```python
o = kite.order_history(order_id)[-1]
if o["status"] in ("COMPLETE", "CANCELLED", "REJECTED"):
    balance = 500 - o["filled_quantity"]
```

அந்த if வரி முக்கியம். ஆர்டர் போன கையோடு கேட்டால் இடைப்பட்ட ஏதாவது ஒரு நிலை வரும், அப்போது filled_quantity பூஜ்யமாக இருக்கலாம், அதை நம்பி அடுத்த ஆர்டர் போட்டால் மேலே சொன்ன அதே கதைதான். ஆர்டர் அனுப்பும்போது நெட்வொர்க் டைம்அவுட் ஆனாலும் இதே கவனம் வேண்டும். பதில் வரவில்லை என்பதால் ஆர்டர் போகவில்லை என்று ஆகிவிடாது. ஒவ்வொரு ஆர்டருக்கும் tag-ல் சொந்தமாக ஒரு அடையாளம் போட்டு அனுப்புங்கள், டைம்அவுட் ஆனால் அன்றைய ஆர்டர் பட்டியலில் அந்த அடையாளத்தைத் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

IOC-ஐ எந்த விலையில் போடுகிறீர்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. கடைசியாக வியாபாரமான விலையை எடுத்து அப்படியே லிமிட்டாகக் கொடுத்தால், கடைசி விலை 412.40, விற்பவர் கேட்பது 412.50 என்று இருக்கும் நேரத்தில் ஆர்டர் ஒவ்வொரு முறையும் செத்துப்போகும். பாட் விடாமல் திரும்பத் திரும்ப அனுப்பும், நொடிக்கு 10 ஆர்டர் என்ற வரம்பில் போய் முட்டும், அப்புறம் நிஜமாகவே விற்க வேண்டிய நேரத்தில் அந்த ஆர்டரும் திரும்பி வரும். விற்பவர் கேட்கும் விலையை மார்க்கெட் டெப்த்தில் பார்த்து லிமிட் வையுங்கள், மூன்று முறைக்கு மேல் கிடைக்காவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

DAY பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை, ஆனால் இரண்டு இடத்தில் அடி விழுகிறது. ஒன்று, காலையில் போட்ட ஆர்டர் நாள் முழுக்க உயிரோடு நிற்கும். 9:40-க்கு ஒரு காரணத்துக்காக 408-ல் வாங்கப் போட்டீர்கள், 10 மணிக்குப் பாட் ஓடும் கணினி நின்றுவிட்டது, மதியம் ஏதோ கெட்ட செய்தியில் விலை விழும்போது அந்த ஆர்டர் நிறைவேறும், அதற்கு ஸ்டாப் லாஸ் போட யாரும் இல்லை. இதற்கு validity-ல் TTL கொடுத்து validity_ttl-ல் 5 என்று போட்டால் ஐந்து நிமிடத்தில் தானாக ரத்தாகும், உங்கள் கணினி ஓடுகிறதா இல்லையா என்பதை அது சார்ந்திருக்காது. இன்னொன்று, டெலிவரியில் எடுத்த பங்குக்கு DAY-ல் ஸ்டாப் லாஸ் போட்டுவிட்டுத் தூங்கப் போவது. சந்தை முடிந்ததும் அது ரத்தாகிவிடும், உங்கள் டேட்டாபேஸில் மட்டும் "ஸ்டாப் லாஸ் இருக்கிறது" என்று மறுநாளும் நிற்கும். ஆகவே தினமும் காலை 9:15-க்கு முன், கையிருப்பையும் நிலுவையில் உள்ள ஆர்டர்களையும் புரோக்கரிடமிருந்து புதிதாக எடுத்துப் பாட்டின் கணக்கோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஒத்துப்போகாவிட்டால் பாட் புதிய ஆர்டர் எதுவும் போடக் கூடாது.

சரி, ரத்து செய்யும் வரை நிற்கும் GTC-யைப் போட்டால் என்ன? NSE பங்குச் சந்தையில் அந்த வசதி கிடையாது. நியூயார்க் பங்குச் சந்தையே 2016 பிப்ரவரியோடு GTC ஆர்டர்களை ஏற்பதை நிறுத்திவிட்டது, அங்கே இப்போது புரோக்கர்கள்தான் அதைத் தங்களிடம் வைத்துப் பராமரிக்கிறார்கள். இங்கே அந்த இடத்தில் இருப்பது GTT, அதை GTC என்று நினைத்துக்கொள்வதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு. GTT எக்ஸ்சேஞ்சில் நிற்கும் ஆர்டரே இல்லை. புரோக்கரிடம் ஓராண்டு வரை காத்திருக்கும் ஒரு நிபந்தனை அது. விலை தொட்டதும் ஒரு சாதாரண லிமிட் ஆர்டரை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும், அதோடு அதன் வேலை முடிந்தது. அந்த லிமிட் ஆர்டருக்கு ஆயுள் ஒரு நாள்தான்.

412.50-க்கு வாங்கிய பங்குக்கு 395-ல் டிரிகர், 394-ல் லிமிட் வைத்து GTT போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் சந்தை 388-ல் திறக்கிறது. டிரிகர் ஆகிறது, 394-க்கு விற்கும் ஆர்டர் போகிறது, 394 கொடுக்க ஆளில்லை, நாள் முழுக்க நின்று மாலையில் ரத்தாகிறது. GTT-யின் நிலை triggered. பாட் இதை "விற்றாயிற்று" என்று எழுதிக்கொள்கிறது. மூன்றாம் நாள் பங்கு உங்களிடமே இருக்கிறது, GTT இல்லை, விலை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

triggered என்று வந்தால் உடனே அதிலிருந்து பிறந்த ஆர்டரைத் தேடி அதன் filled_quantity-ஐப் பாருங்கள். விற்கும் பங்கை டீமேட்டிலிருந்து எடுக்கப் புரோக்கருக்கு நிரந்தர அனுமதி தரும் டிடிபிஐ-யில் கையெழுத்துப் போடாதவர்களுக்கு, அன்றைக்கு விற்க அனுமதி கொடுக்காமல் இருந்தால் அந்த ஆர்டர் நிராகரிக்கப்படவும் செய்யும், அதையும் பாட் பார்க்க வேண்டும். லிமிட்டையும் டிரிகரை ஒட்டி வைக்காதீர்கள். 375 என்று வைத்தால் 375-க்கே விற்றுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது, சந்தையில் 388-க்கு வாங்க ஆள் இருந்தால் 388-க்குத்தான் போகும், 375 என்பது அதற்குக் கீழே விற்காதே என்று நீங்கள் போடும் கோடு மட்டுமே. எத்தனை ரூபாய் இடைவெளி விடுவது என்பதை அந்தப் பங்கு இதற்கு முன் ஒரே இரவில் எவ்வளவு இடைவெளி விட்டுத் திறந்திருக்கிறது என்று பழைய விலைப் பட்டியலில் பார்த்து முடிவு செய்யுங்கள்.