இணைத்தன்மைச் சான்றிதழ்: அப்போஸ்டிலின் இரண்டாவது வரியைப் படியுங்கள்

வெளிநாட்டில் முதுகலை முடித்துத் திரும்பிய ஒருவர், அந்தப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்கு இணையானது என்று காட்டும் இணைத்தன்மைச் சான்றிதழுக்கான தமது கோப்பைச் சென்ற மாதம் என்னிடம் காட்டினார். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு அதில் இருந்தது. கையொப்பம் விடுபடுவது, கட்டண ரசீதை மறப்பது போன்றவற்றை அலுவலகமே சுட்டிக்காட்டிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நகலின் மேல் பெற்ற அப்போஸ்டில்

அப்போஸ்டில் என்பது வேறு நாட்டில் காட்டவேண்டிய ஆவணத்துக்கு 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைப்படி வழங்கப்படும் சான்று. அது, பட்டம் தரமானது என்றோ பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றது என்றோ சொல்வதில்லை. ஆவணத்தில் உள்ள கையொப்பமும் முத்திரையும் உண்மையானவை, கையொப்பமிட்டவர் இன்ன பதவியில் இருப்பவர் என்பதை மட்டுமே அது உறுதி செய்கிறது. பட்டத்தின் ஒளிநகலை நோட்டரியிடம் சான்றொப்பம் பெற்று, அதன்மேல் அப்போஸ்டில் வாங்கினால், உறுதியாவது நோட்டரியின் கையொப்பம்தான். பல்கலைக்கழகப் பதிவாளரின் கையொப்பத்தை யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். அப்போஸ்டிலில் எண்ணிட்ட பத்து வரிகள் இருக்கும். இரண்டாவது வரியில் கையொப்பமிட்டவரின் பெயரும், மூன்றாவதில் அவருடைய பதவியும் இருக்கும். என் தாளின் மூன்றாவது வரியில் ‘நோட்டரி’ என்றிருந்ததை, விண்ணப்பம் திரும்பி வந்த பிறகுதான் படித்தேன். ஆவணம் பிறந்த நாட்டில்தான் அப்போஸ்டில் பெற முடியும் என்பதால், மூலப் பட்டத்தைக் கூரியரில் அனுப்பி, அங்கிருந்த நண்பருக்கு அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்து, அது திரும்பி வரும்வரை ஐந்து மாதம் காத்திருந்தேன். விமானம் ஏறுவதற்கு முன் அரை நாளில் முடிந்திருக்கக்கூடிய வேலை அது. இன்றும் நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

சில நாடுகளில் நோட்டரியின் சான்றொப்பம் இல்லாமல் பட்டத்திற்கு அப்போஸ்டில் தரமாட்டார்கள். அங்கே படித்தவர்கள், அத்தகைய ஆவணத்தை ஏற்பார்களா என்று இணைத்தன்மை வழங்கும் அமைப்பிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். உடன்படிக்கையில் சேராத நாடுகளின் ஆவணங்களுக்கு அப்போஸ்டில் செல்லாது; பொதுவாக அந்நாட்டு வெளியுறவுத் துறையிலும், பின்னர் தூதரகத்திலும் சான்றொப்பம் பெற வேண்டியிருக்கும்.

மொழிபெயர்ப்பை முதலில் செய்வது

அப்போஸ்டிலுக்கு முன்பே மொழிபெயர்த்துவிட்டால், அப்போஸ்டில் தாள் மொழிபெயர்ப்பில் இடம்பெறாது. அதையும் கேட்கும் அலுவலகத்தில் மீண்டும் பணம் கட்டி மொழிபெயர்க்க நேரிடும்.

படிப்புக் காலம் என்னும் கட்டம்

விண்ணப்பப் படிவத்தின் இந்தக் கட்டத்தில், பட்டமளிப்பு விழா நடந்த நாளைப் பலர் படிப்பு முடிந்த நாளாக எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண் பட்டியலில் உள்ள சேர்க்கை நாளையும் நிறைவு நாளையும் அப்படியே எழுதுங்கள். படிவமும் பட்டியலும் முரண்பட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

பல்கலைக்கழகம் முத்திரையிட்டுத் தந்த உறை

பிரிக்காதீர்கள்.

லேமினேஷன்

வேண்டாம். முத்திரை குத்த இடமிருக்காது.

மருத்துவம், சட்டம் போன்ற தொழில்கள்

இணைத்தன்மைச் சான்றிதழ் தொழில் உரிமம் ஆகாது. அதற்குத் தனி விண்ணப்பம், தனி அமைப்பு.