டபுள் எக்ஸ்போஷர்: மாஸ்க்கைத் தொடும் முன்பே நடந்துவிடும் தவறு

போன வாரம் என்னிடம் பழகும் தம்பி ஒருவர் போட்டோஷாப்பில் செய்த டபுள் எக்ஸ்போஷர் படம் ஒன்றை அனுப்பினார். பக்கவாட்டில் திரும்பிய ஒரு பெண்ணின் தலை, அதற்குள் ஒரு மலைச்சரிவு. "அண்ணே, மூணு மணி நேரமா மாஸ்க் வரைஞ்சிருக்கேன், ஆனா பனி மூடின மாதிரியே இருக்கு. எங்க தப்பு?" என்று கேட்டிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். மாஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. கூந்தல் ஓரத்து முடியைக்கூடப் பொறுமையாக வரைந்திருந்தார். தவறு, அவர் அந்தப் போட்டோவைத் தேர்ந்தெடுத்தபோதே நடந்துவிட்டது. அதே சாம்பல் நிறப் படத்தை நானும் ஒரு காலத்தில் செய்து, கைக்காசையும் இழந்திருக்கிறேன்.

மாஸ்க்கில் வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும் என்பதை மாற்றிப் போடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை செய்தாலே அவை புரிந்துவிடும்.

தட்டையான உருவப்படத்தை மாஸ்க்கால் காப்பாற்றப் பார்ப்பது

ஃபிலிமில் டபுள் எக்ஸ்போஷர் எப்படி வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். ஒரே ஃபிலிம் துண்டில் இரண்டு முறை ஒளி விழும். முதல் படத்தில் வெளிச்சமாக இருந்த இடத்தில் ஃபிலிம் தன்னால் முடிந்த ஒளியை ஏற்கெனவே வாங்கிவிட்டது. இரண்டாவது படத்துக்கு அங்கே இடமில்லை. இருட்டாக இருந்த இடம் மட்டும் காலியாகக் கிடக்கும். இரண்டாவது படம் அங்கே போய் உட்காரும். வெள்ளைப் பின்னணியில் கறுத்த தலை, அதற்குள் காடு என்ற தோற்றம் வந்தது இப்படித்தான்.

போட்டோஷாப்பின் ஸ்கிரீன் மோடும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. கணக்கு இதுதான்:

```
R = 255 - (255 - A) × (255 - B) / 255
```

A உருவப்படத்தின் வெளிச்ச அளவு, B நிலக்காட்சியின் வெளிச்ச அளவு, R விடை. 0 என்றால் சுத்தக் கறுப்பு, 255 என்றால் சுத்த வெள்ளை. மனதில் வைத்துக்கொள்ள எளிதான வழி ஒன்று உண்டு. உருவப்படத்தில் ஓர் இடத்தின் அளவை 255-இலிருந்து கழியுங்கள். 255-இல் அந்த மீதி எத்தனை பங்கோ, நிலக்காட்சியின் கான்ட்ராஸ்ட்டில் அத்தனை பங்குதான் அங்கே தெரியும். கூந்தல் 30 என்றால் மீதி 225. நிலக்காட்சி 88 சதவீதம் தெரியும். கன்னம் 190 என்றால் மீதி 65, 25 சதவீதம்தான். கூந்தலுக்குள் மரம் நிற்கிறது, முகம் முகமாகவே இருக்கிறது. நீங்கள் இன்னும் மாஸ்க்கையே தொடவில்லை.

சரி, மேகமூட்டமான நாளில் நிழலில் எடுத்த படத்தில் கூந்தலும் கன்னமும் 110-க்குப் பக்கத்திலேயே இருந்தால்? இரண்டு இடத்திலும் நிலக்காட்சி 57 சதவீதம் தெரியும். மலை முகத்திலும் ஏறும், கூந்தலிலும் ஏறும், எங்கேயும் அழுத்தமாக நிற்காது. தம்பி அனுப்பிய படம் அதுதான்.

எனக்கு இது புரிந்தது ஓர் அறுபதாம் கல்யாணத்துக்காகச் செய்த படத்தில். அப்பாவின் முகத்துக்குள் சொந்த ஊர்ப் பனங்காடு வர வேண்டும் என்று மகள் கேட்டார். 24-க்கு 36 அங்குல கேன்வாஸ். கையில் இருந்தது மத்தியானம் திண்ணை நிழலில் எடுத்த படம். பெரியவருக்கு முழு நரை. பரவலான நிழல் வெளிச்சத்தில் தலைமுடி 170, முகம் 120. மேலே சொன்ன கழித்தலைப் போட்டுப் பாருங்கள்: முடியில் பனைமரம் 33 சதவீதம், முகத்தில் 53. எங்கே தெரிய வேண்டுமோ அங்கே இல்லை, எங்கே தெரியக்கூடாதோ அங்கே நிற்கிறது.

இரண்டு இரவு மாஸ்க் வரைந்தேன். முகத்தில் இருந்த பனைகளை அழித்தேன். தலையில் இருந்த பனைகளைக் கறுப்பாக்க லெவல்ஸை இழுத்தேன். கீழே இருக்கும் முடியே 170 என்பதால் எவ்வளவு இழுத்தாலும் மரம் அதைவிடக் கறுக்காது. ஸ்கிரீன் எந்த இடத்தையும் இருட்டாக்காது, வெளுக்க மட்டுமே தெரியும். திரையின் வெளிச்சத்தில் ஓரளவு ஒப்பேறியது போல இருந்தது. கேன்வாஸில் அச்சாகி வந்ததும், "அண்ணே, அப்பா முகம் எங்க?" என்று மகள் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. மறு அச்சுக்கு நான்தான் பணம் கட்டினேன். இன்றைக்கும் யாராவது தட்டையான படத்தைக் கொண்டுவந்து, எந்த பிரஷ் வைத்து வரையலாம் என்று கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்தக் கேள்வியே அங்கே பொருந்தாது.

மறுபடி எடுத்தோம். அதே திண்ணை, காலை ஒன்பது மணி. பெரியவரின் முகம் திறந்த முற்றத்தைப் பார்க்க, பின்தலை வீட்டுச் சுவர் பக்கம். அவருக்குப் பின்னால், வெயில் விழும் கொடியில் ஒரு வெள்ளை வேட்டி. வேட்டி 253-க்குப் போகும்வரை எக்ஸ்போஷரை ஏற்றினேன். முகம் 150, பின்தலை நரையாக இருந்தும் நிழலில் 60. முடி நரையா கறுப்பா என்பது முக்கியமில்லை, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதுதான் கணக்கு. ஸ்கிரீனில் வைத்ததும் தலையில் 76 சதவீதம், முகத்தில் 41.

முகத்தில் 41 இன்னும் அதிகம்தான். இங்கேதான் மாஸ்க்குக்கு வேலை. அதையும் கையால் வரையாமல் படத்தையே வரைய விடலாம். நிலக்காட்சி லேயரை மறைத்துவிட்டு, சேனல்ஸ் பேனலில் RGB சிறுபடத்தை Ctrl அழுத்திக் கிளிக் செய்யுங்கள்; வெளிச்சமான இடங்கள் செலக்ட் ஆகும். நிலக்காட்சி லேயரைத் திரும்பக் காட்டி, அதைத் தேர்ந்தெடுத்து, கீழே உள்ள மாஸ்க் பட்டனை Alt அழுத்திக் கிளிக் செய்யுங்கள். உருவப்படத்தின் நெகட்டிவ் மாஸ்க்காக வந்துவிடும். பெரியவர் படத்தில் அப்போது தலை 195, முகம் 105. மாஸ்க்கைக் கிளிக் செய்து Ctrl+L அழுத்தி, இடது ஸ்லைடரை 85-க்கும் வலது ஸ்லைடரை 200-க்கும் நகர்த்தினேன். தலை 244 ஆனது, முகம் 44-க்கு இறங்கியது. முகத்தில் பனை ஏறக்குறைய 7 சதவீதம், தலையில் 73. இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் படம்.

ஒன்றை மட்டும் கையால் செய்தாக வேண்டும். கண்மணியும் புருவமும் இருட்டு என்பதால் மாஸ்க் அவற்றையும் தலைமுடி போலவே நினைத்துக்கொள்ளும். Alt அழுத்தி மாஸ்க்கைக் கிளிக் செய்து பாருங்கள், கண் இருக்கும் இடத்தில் வெள்ளைப் பொட்டு தெரியும். அப்படியே விட்டால் கண்ணுக்குள் வானம் ஏறி, பார்வை செத்துவிடும். ஃப்ளோ 10 சதவீதத்தில் மெல்லிய பிரஷ்ஷால் கறுப்பு பூசுங்கள். மீசை, மூக்குத் துளை, உதட்டுக் கோடு இவற்றையும் பாருங்கள்.

முகத்தை வெளுப்பது

பயிற்சி வீடியோக்கள் பலவற்றில் கன்னம் 190, 200 என்று இருக்கும். நம்மில் பலருடைய தோல் இயல்பான வெளிச்சத்தில் 120 முதல் 150 வரைதான் வரும். அந்த வீடியோவின் விடை வரவில்லை என்று கர்வ்ஸை எடுத்து முகத்தை 190-க்குத் தூக்குகிறார்கள். முகம் அடையாளம் தெரியாமல் போகிறது, கூடவே நெற்றியிலும் மூக்கு நுனியிலும் விவரம் வெளுத்துவிடுகிறது. ஓர் அம்மாவை இப்படி வெளுத்துக் கொடுத்த படத்தைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருந்தது. கான்ட்ராஸ்ட்டை மாஸ்க்கில் ஏற்றுங்கள், மேலே செய்த மாதிரி. முகத்தின் நிறத்தை அப்படியே விடுங்கள்.

ஒப்பாசிட்டியை 50-க்கு இறக்குவது

நார்மல் மோடில் 50 வைத்தால் படம் முழுக்க, எல்லா இடத்திலும் நிலக்காட்சியின் கான்ட்ராஸ்ட் சரிபாதி. முகம், தலை என்ற வேறுபாடே அதற்குத் தெரியாது.

வானம் எங்கே விழுகிறது என்று பார்க்காதது

பின்னணி வெள்ளை. வானமும் வெளிச்சம். தலையின் ஓரத்தில் வானம் வந்தால் அந்த ஓரம் பின்னணியோடு கரைந்துபோகும். உச்சந்தலையில் இது நமக்கு வேண்டியதுதான். தலையின் கோடு மறைந்து, பனையின் கொண்டைகளே அந்தக் கோடாகிவிடும். ஆனால் பிடரியில் கரைந்தால் தலை கழுத்தில்லாமல் மிதக்கும். பெரியவர் படத்தில் முதலில் அப்படித்தான் ஆனது. மாஸ்க்கும் கூடவே திரும்பிவிடாமல் இருக்க நடுவில் உள்ள சங்கிலிக் குறியை நீக்கி, நிலக்காட்சியின் சிறுபடத்தைக் கிளிக் செய்து, Ctrl+T போட்டு இடவலமாகத் திருப்பினேன். பனைகளுக்கு அடியில் இருந்த முட்புதர் பிடரிக்கு வந்தது, கழுத்துக் கோடு திரும்பக் கிடைத்தது. நெற்றி, மூக்கு, தாடை வரும் முன்பக்கக் கோட்டில் வானம் விழவே கூடாது.

உச்சந்தலையைத் தாண்டி மட்டைகள் வெளியே நீட்ட வேண்டும் என்றால் ஸ்கிரீன் உதவாது. வெள்ளையின் மேல் அது எதையும் காட்டாது. நிலக்காட்சியை ஒரு நகல் எடுத்து, மாஸ்க்கை நீக்கி, லெவல்ஸில் வானத்தைச் சுத்த வெள்ளையாக்கி, மல்டிப்ளை மோடில் வையுங்கள். கறுப்பு மாஸ்க் போட்டு, உச்சியில் நாலைந்து மட்டைகளை மட்டும் வெள்ளை பிரஷ்ஷால் திறந்துவிடுங்கள். அதற்கு மேல் திறந்தால் தலையில் செடி முளைத்தது போல ஆகிவிடும்.

எந்த லேயர் மேலே

ஸ்கிரீனில் எது மேலே இருந்தாலும் விடை ஒன்றுதான். மாஸ்க் போட வசதியாக நிலக்காட்சி மேலே இருக்கட்டும்.

நிறத்திலிருந்து தொடங்குவது

இரண்டையும் முதலில் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அதில் நிற்காத படம் நிறத்திலும் நிற்காது.

திரையை நம்பி நேரே பெரிய அச்சுக்குப் போவது

திரை தானே ஒளிர்கிறது, கேன்வாஸ் ஒளிராது. திரையில் தெரியும் நிழல் விவரம் கேன்வாஸில் அடைத்துக்கொள்ளும்; மெல்லிய வேறுபாடுகள் காணாமல் போகும். இப்போதெல்லாம் முகமும் தலையும் சேர்ந்து வரும் பகுதியை மட்டும் வெட்டி, அதே கேன்வாஸில், இறுதி அளவிலேயே ஒரு துண்டு அச்சடித்து வாங்கிவிடுகிறேன். அதைச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று, ட்யூப் லைட்டில் ஒரு தடவை, பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்ப்பேன். அந்தத் தூரத்தில் யார் என்று தெரியவில்லை என்றால் மாஸ்க்கின் லெவல்ஸில் இடது ஸ்லைடரை இன்னும் ஐந்து, பத்து ஏற்றி, இன்னொரு துண்டு அச்சடிப்பேன்.