வருமானக் கணக்கில் சராசரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் குடும்ப வருமான ஆய்வுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கூட்டலில் பிழைவிடுவதில்லை. அதைக் கணினி பார்த்துக்கொள்கிறது. வந்த விடையை எப்படி எழுதுகிறார்கள் என்பதில்தான் வினை தொடங்குகிறது.

"ஒரு குடும்பம் இவ்வளவு பெறுகிறது" என்று எழுதுவது

கரையோர ஒழுங்கை ஒன்றில் 9 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். எட்டு வீடுகளின் மாத வருமானம் 28, 32, 35, 38, 40, 45, 48, 54 ஆயிரம் ரூபாய். ஒன்பதாவது வீட்டுக்காரர் கொட்பே துறைமுகத்தில் பலநாள் படகு வைத்திருப்பவர். அவருக்கு 4 இலட்சம். மொத்தம் 720,000. ஒன்பதால் வகுத்தால் சராசரி 80,000.

அந்த 80,000 எந்த வீட்டிலும் இல்லை. எட்டு வீடுகள் அதற்கு மிகவும் கீழே நிற்கின்றன. வீடுகளைக் குறைந்த வருமானத்திலிருந்து வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் ஐந்தாவது வீட்டைப் பாருங்கள்: 40,000. அதுதான் இடையம்.

"இங்கு ஒரு குடும்பம் மாதம் 80,000 பெறுகிறது" என்று அறிக்கையில் எழுதிவிட்டால், உதவிக்கான வருமான எல்லை 50,000 ஆக இருக்கும்போது முழு ஒழுங்கையும் பட்டியலிலிருந்து கழன்றுவிடும். ஏழு வீடுகள் அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கின்றன! இப்படியொரு வரியால் தவறிப்போன ஊருக்கு நான் போயிருக்கிறேன். "எண்பதாயிரத்தை எங்கள் வீட்டில் யார் கண்டது, தம்பி?" என்று கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா கேட்டார். இன்றும் அந்த வரியை யாராவது எழுதிக்கொண்டு வந்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்த ஆண்டு படகுக்காரருக்கு மட்டும் 580,000 கிடைத்தால் சராசரி ஒரு இலட்சமாகும். "25 வீத வளர்ச்சி" என்று தலைப்புப் போடலாம். மற்ற எட்டு வீடுகளுக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடியிருக்காது. இடையம் 40,000 இலேயே நிற்கும்.

ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சராசரி இடையத்தைவிட வெகுவாக உயர்ந்திருந்தால், மேலே உள்ள சிலர் அதை இழுக்கிறார்கள் என்று பொருள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆய்வில் நாடளாவிய குடும்ப மாத வருமானத்தின் சராசரி 76,414 ரூபாய், இடையம் 53,333.

ஓர் ஆண்டுக்குச் சராசரி, மறு ஆண்டுக்கு இடையம்

2016 இன் சராசரி 62,237. அதை 2019 இன் இடையத்தோடு ஒப்பிட்டால் வருமானம் விழுந்ததுபோலத் தெரியும். 2016 இன் இடையம் 43,511. உண்மையில் ரூபாய்க் கணக்கில் ஏறியிருக்கிறது.

இடையத்தைப் பெருக்கி மொத்தம் காண்பது

40,000 ஐ 9 ஆல் பெருக்கினால் 360,000, உள்ளதில் பாதி. மொத்தம் வேண்டுமென்றால் சராசரிதான் சரி.

இரண்டு ஊர்களின் இடையங்களைக் கூட்டி இரண்டால் வகுப்பது

கூடாது. எல்லா வீடுகளையும் சேர்த்து மீண்டும் வரிசைப்படுத்துங்கள்.

இடையத்தோடு நின்றுவிடுவது

கீழே உள்ள நான்கு வீடுகளும் பத்தாயிரம் ரூபாய் இழந்தாலும் இடையம் அசையாது. அடிக் கால்பங்கினரின் வருமானத்தையும் தனியாக எழுதுங்கள்.