தகவல் உரிமை மனு வந்ததும் அனுப்பும் முதல் கடிதம்: எங்கே தவறுகிறார்கள்?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி ஒரு மனு வந்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மனு கிடைத்தது என்று தனியாக ஒரு கடிதம் போட வேண்டிய கட்டாயம் அந்தச் சட்டத்தில் இல்லை. ஆனாலும் பல அலுவலகங்கள் போடுகின்றன, நல்ல வழக்கம்தான். அந்தக் கடிதத்தில் எழுதும் நாள் கணக்குதான் பெரும்பாலும் தப்பாகிவிடுகிறது.

ஒரு நகராட்சியை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தன் தெருவில் போட்ட சாலைக்கான மதிப்பீடு, அளவுப் புத்தகத்தின் நகல் இரண்டையும் கேட்கிறார். கூடவே, பக்கத்து நெடுஞ்சாலையில் நடந்த வேலை பற்றியும் ஒரு கேள்வி வைக்கிறார். மனு ஜூன் 3 அன்று தபாலில் வந்து முத்திரை வாங்குகிறது. சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அது ஜூன் 10-இல்தான் போய்ச் சேருகிறது. ஜூன் 12-இல் எழுத்தர் கடிதம் தயார் செய்கிறார்: “தங்கள் மனு பெறப்பட்டது. 30 நாட்களுக்குள் பதில் அளிக்கப்படும்.”

படிப்பவர் கடிதத் தேதியிலிருந்து எண்ணுவார். அப்படியானால் ஜூலை 12. சட்டத்தின் கணக்கோ மனு அலுவலகத்துக்குக் கிடைத்த நாளிலிருந்து ஓடுகிறது, அது ஜூலை 3-இலேயே முடிந்துவிடும். பதில் வராவிட்டால், அந்தக் கெடு முடிந்ததிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். நம் கடிதத்தை நம்பியவர் அதையும் ஒன்பது நாள் தள்ளியே எண்ணிக்கொண்டிருப்பார். தாமதத்துக்குத் தகுந்த காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்ள வழி உண்டு. ஆனால் அந்தக் காரணத்தை உண்டாக்கியதே நாம்தானே! அதனால் “30 நாட்கள்” என்று மட்டும் விடாமல் தேதியையே எழுதிவிடுங்கள்:

“தங்கள் மனு ஜூன் 3 அன்று இவ்வலுவலகத்தில் பெறப்பட்டு, மேற்காணும் ந.க. எண்ணில் பதிவு செய்யப்பட்டுள்ளது. பதில் ஜூலை 3-க்குள் அனுப்பப்படும்.”

அடுத்த தவறு, மனு முழுவதையும் ஒரே மூட்டையாகப் பார்ப்பது. நெடுஞ்சாலை பற்றிய கேள்விக்கு நகராட்சியிடம் பதில் இருக்காது. பிரிவு 6(3)-இன்படி அந்தப் பகுதியை உரிய அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் மாற்றி அனுப்பி, மனுதாரருக்கும் உடனே சொல்ல வேண்டும். நம் உதாரணத்தில் அந்தக் கெடு ஜூன் 8. பிரிவு மனுவைப் பார்த்ததே ஜூன் 10-இல், போச்சு. வந்த அன்றே மனுவை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது என்று சொல்வது இதற்காகத்தான். மாற்றிய பகுதிக்கு நாமாக ஒரு தேதி குறிப்பதும் கூடாது. எந்த அலுவலகத்துக்கு, என்றைக்கு அனுப்பினோம், முகவரி என்ன என்பதைச் சொன்னால் போதும். அவர்களுக்கான நாள் கணக்கு அவர்களிடம் போய்ச் சேர்ந்த பிறகு தொடங்கும்.

நகல் கட்டணம் இன்னொரு சிக்கல். நகல் 46 பக்கம் வருகிறது, பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் கேட்கும் கடிதம் ஜூன் 18-இல் போகிறது, அவர் ஜூன் 28-இல் கட்டுகிறார். இடைப்பட்ட 10 நாள் கணக்கில் சேராது, எனவே கெடு ஜூலை 13. முதல் கடிதத்தில் இது பற்றி ஒரு வரி இருந்திருந்தால் ஜூலை 4 காலையில் தொலைபேசிச் சண்டை வராது: “நகல் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தால் தொகை தனியே தெரிவிக்கப்படும், அந்தக் கடிதம் அனுப்பிய நாள் முதல் தாங்கள் பணம் செலுத்தும் வரையுள்ள நாட்கள் மேற்படி கெடுவில் சேராது.” இந்தச் சலுகையை நம்பி 29-ஆம் நாள் கட்டணக் கடிதம் போடும் அலுவலகங்களும் உண்டு. பணம் வந்த மறுநாளே நகல் தயாராக இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைக்கும். கெடு தாண்டினால் தகவலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். தகுந்த காரணமில்லாத தாமதம் என்று தகவல் ஆணையம் முடிவு செய்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை பொதுத் தகவல் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து போகும்.

“விரைவில்”, “பரிசீலனையில் உள்ளது” போன்ற சொற்களால் யாருக்கும் பயனில்லை. அதற்கு நேர் எதிராக, நல்லெண்ணத்தில் “10 நாளில் அனுப்புகிறோம்” என்று எழுதுவது இன்னும் மோசம். அளவுப் புத்தகம் பதிவறையில் இருக்கிறதா, தணிக்கைக்குப் போயிருக்கிறதா என்று பார்க்காமலே கொடுக்கும் வாக்கு அது. பதினோராம் நாள் அவர் நேரில் வந்து நிற்பார். மதிப்பீடு கையில் இருந்து, புத்தகம் மட்டும் தணிக்கையில் இருந்தால் அதையே எழுதலாம்: மதிப்பீட்டு நகல் முதலில் வரும், புத்தகத்தின் நகல் ஜூலை 3-க்குள் வரும்.

ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட மனுவாக இருந்தால் இந்தக் கடிதமே வேண்டாம். அங்கே பதிலுக்கே 48 மணி நேரம்தான்.