வில்லின் ஓசைக்கு இடம் விடுங்கள்: ஒலி அஞ்சலி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாட்டுப்புறக் கலைஞர் ஒருவர் மறைந்ததும் ஐந்து நிமிட ஒலி அஞ்சலி ஒன்றை எழுதித் தரச் சொல்வார்கள். பெரும்பாலும் அன்று மாலைக்குள்ளேயே கேட்பார்கள். அவசரத்தில் நாம் எழுதுவது நாளிதழில் வரும் இரங்கல் குறிப்பாகத்தான் இருக்கும். அதை வாசித்துப் பதிவு செய்து, அடியில் ஏதோ ஓர் இசையை ஓடவிட்டால் அஞ்சலி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். கேட்பவருக்கோ அந்தக் கலைஞர் யாரென்று கடைசி வரை காதில் விழுவதே இல்லை.

வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்தை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். 1928இல் திருநெல்வேலிப் பக்கம் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்காக எழுதியவர். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். 2022 அக்டோபரில் சென்னையில் காலமானார். அவருடைய கலை, பேச்சும் பாட்டும் மாறி மாறி வரும் கலை. அதனால் எழுத்துப்படியில் எங்கே தவறு செய்தாலும் அது உடனே காதுக்குத் தெரிந்துவிடும்.

முதல் தவறு, ஐந்து நிமிடத்தையும் சொற்களால் நிரப்புவது. அஞ்சலிக்குரிய நிதானத்தில் வாசித்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 முதல் 100 தமிழ்ச் சொற்கள் போகும். ஐந்து நிமிடம் என்றதும் 500 சொற்கள் எழுதலாம் என்று கணக்குப் போடுகிறோம். நான் எழுதிய முதல் அஞ்சலியில் 500ஐயும் தாண்டிவிட்டேன். வாசித்தவர் மூச்சுவிட இடமில்லாமல் ஓடினார். பாட்டுக்கு மிஞ்சியது கடைசியில் இருபது நொடி.

கணக்கை மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும். மொத்தம் 300 நொடி. அதில் கலைஞரின் குரலுக்கும் கருவிகளுக்கும் தனியாக 90 நொடியை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். இடைவெளிகளுக்கு 20 நொடி. மிச்சமுள்ள 190 நொடிதான் உங்களுடையது. அதில் 300 சொற்கள் அடங்கும். இந்த அளவு கையில் இருந்தால் விருதுப் பட்டியலை வரிசையாக ஒப்பிக்கும் ஆசை தானாகவே போய்விடும். ஒரு விருது, ஓர் ஊர், ஒரு மனிதர், ஒரு மேடை, அவ்வளவுதான் இடம்பெறும்.

இரண்டாவது தவறு என்னை மிகவும் வருத்துவது. எழுத்துப்படியில் ‘சோக இசை’ என்று இரண்டே சொல்லில் குறிப்பு எழுதிவிடுகிறோம். ஒலித்தொகுப்பாளர் தன்னிடம் இருக்கும் வயலினையோ புல்லாங்குழலையோ போட்டுவிடுகிறார். வாழ்நாள் முழுவதும் உடுக்கையும் குடமும் சூழப் பாடியவருக்கு, அவர் தொட்டே பார்க்காத கருவியால் அஞ்சலி செலுத்துகிறோம். யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் அந்த இசையில் அவர் இல்லை.

வில்லிசை மேடையின் ஓசைகள் என்னென்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நீண்ட வில்லின் மேல் வரிசையாக மணிகள் கட்டியிருக்கும். முன்னால் அமர்ந்து பாடுபவர் வீசுகோல் இரண்டால் நாணை அடிப்பார். நாணின் ஒலி சட்டென்று அடங்கிவிடும். மணிகளின் கிலுகிலுப்பு மட்டும் இன்னும் சற்று நேரம் காற்றில் நிற்கும். வில்லோடு சேர்த்துக் கட்டிய குடம் அடியிலிருந்து ‘கும்’ என்று அதிரும். உடுக்கை, ஜால்ரா, கட்டை ஆகியவை கூடவே வரும். பின்பாட்டுக்காரர்கள் ஒவ்வொரு வரிக்கும் ‘ஆமா’ போடுவார்கள். இவ்வளவும் கையில் இருக்கும்போது வயலினுக்கு ஏன் போக வேண்டும்?

ஆகவே குறிப்பில் ஓசையின் பெயரை எழுதுங்கள். எந்தப் பதிவு, எத்தனையாவது நிமிடம் எத்தனையாவது நொடியில் தொடக்கம், எந்தச் சொல்லில் அல்லது எந்தத் தட்டில் முடிவு, முழு ஒலியிலா குரலுக்கு அடியிலா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ‘உணர்ச்சிகரமாக’ என்பது குறிப்பு ஆகாது. அதைப் படித்துவிட்டு யாராலும் எந்தப் பொத்தானையும் அழுத்த முடியாது.

ஓசையைத் தேர்ந்த பிறகு கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் ஒருமுறை போட்டுக் கேளுங்கள். பலரும் அதில்தான் கேட்கப்போகிறார்கள். குடத்தின் தாழ்ந்த அதிர்வு காதில் மாட்டும் கருவியில் நெஞ்சைத் தொடும். கைப்பேசியில் பெரும்பாலும் காணாமல் போய்விடும். குடத்தின் தனி ஒலியோடு தொடங்கினால் கேட்பவர், இன்னும் எதுவும் தொடங்கவில்லை என்று நினைப்பார். மணிகளின் ஒலி கூர்மையானது, எதிலும் கேட்கும். தொடக்கத்துக்கு அதுவே பொருத்தம்.

மூன்றாவது, அவர் பாடும்போது நாம் பேசுவது. சொல்லின் மேல் சொல் விழுந்தால் இரண்டுமே புரியாது. அடியில் ஓடவிடுவதற்குக் கருவியிசை மட்டும் உள்ள பகுதியைத் தேடி எடுங்கள். அதுவும் வாசிப்பவரின் குரலைவிடக் குறைந்தது 15 டெசிபல் தாழ்ந்திருக்கட்டும். கலைஞரின் குரல் வரும்போது நம் குரல் முற்றிலும் நின்றிருக்க வேண்டும்.

வெட்டும் இடத்திலும் இதே கவனம் வேண்டும். ‘பாடல் 30 நொடி’ என்று எழுதினால் தொகுப்பாளர் முப்பதாவது நொடியில் வெட்டுவார். அங்கே வரி பாதியில் நிற்கலாம். வரி முடிந்தாலும் பின்பாட்டின் ‘ஆமா’ அறுந்துபோகலாம். வில்லுப்பாட்டில் அந்த ‘ஆமா’ வந்தால்தான் வரி முடிந்ததாகும். அதை அறுப்பது, ஒருவர் பேசி முடித்ததும் எதிரில் இருப்பவர் தலையசைக்கும் முன் விளக்கை அணைப்பது போன்றது. நொடிக்கணக்கு தோராயமாக இருக்கட்டும். முடியும் இடத்தைச் சொல்லால் எழுதுங்கள். தாளக்கருவிகளை மெல்ல மெல்ல ஒலி குறைத்து முடிப்பதும் சரிவராது. நடந்துகொண்டிருக்கும் கச்சேரியைவிட்டு நாம் எழுந்து வெளியே போவது போல் கேட்கும். தாளத்தின் முதல் தட்டு விழுந்ததும் நிறுத்தி, அந்த ஒலி தானே அடங்கும்வரை விடுங்கள்.

இடைவெளிக்கு வருகிறேன். மூன்று புள்ளி வைத்தால் வாசிப்பவர் நிறுத்துவார் என்று நம்பி எழுதுகிறோம். அவருக்கு அது அரை நொடி, நமக்கு மனத்தில் நான்கு நொடி. எண்ணால் எழுதுங்கள். வாக்கியத்துக்கு நடுவே மூச்சுக்கு இடைவெளி குறிக்கத் தேவையில்லை, அது வாசிப்பவரின் வேலை. ஒரு செய்தி மனத்தில் இறங்க 2 நொடி போதும். மரணத்தைச் சொல்லும் வரிக்குப் பின் 4 நொடி கொடுங்கள். அந்த நான்கு நொடியில் இசை வேண்டாம் என்பதையும் எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் நல்ல மனத்தோடு யாராவது அதை நிரப்பிவிடுவார்கள்.

அந்த அமைதியை முழு வெறுமையாகவும் விடக்கூடாது. ஒலிக்கோப்பில் எதுவுமே இல்லாத நான்கு நொடி வந்தால் இணைப்பு அறுந்துவிட்டது என்று கேட்பவர் கைப்பேசியைத் தட்டிப் பார்ப்பார். குரல் பதிவு முடிந்ததும் அதே அறையில், அதே ஒலிவாங்கியில், யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்துவையுங்கள். அந்த அறையின் மெல்லிய ஒலியை இடைவெளியில் வைத்தால், ஒருவர் பேச்சை நிறுத்தி அங்கேயே இருக்கிறார் என்று காது புரிந்துகொள்ளும்.

தொடக்கப் பகுதியை மட்டும் எழுதிக் காட்டுகிறேன்.

(வீசுகோல் நாணில் விழும் ஒலி. மணிகள் தனியே. 6 நொடி. மணியொலி அடங்கும்வரை பேச்சு இல்லை.)

குரல்: திருநெல்வேலிச் சீமையில் கோயில் கொடை விழா என்றால் இந்த ஓசை கேட்கும். விடிய விடியக் கதை நடக்கும்.

(2 நொடி இடைவெளி. பிறகு குடம், உடுக்கை, ஜால்ரா. 8 நொடி முழு ஒலியில். அடுத்துத் தணிந்து குரலுக்கு அடியில்.)

குரல்: அந்த ஓசையைச் சென்னை மேடைகளுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் சுப்பு ஆறுமுகம். சத்திரம் புதுக்குளத்துக்காரர். கலைவாணருக்காக எழுதினார். காந்தியின் கதையையும் வில்லில் பாடினார்.

(தாளத்தின் முதல் தட்டில் கருவியிசை நிற்கிறது. ஒலி முழுதும் அடங்கிய பிறகே அடுத்த வரி.)

குரல்: இரண்டாயிரத்து இருபத்திரண்டு அக்டோபரில் காலமானார்.

(4 நொடி. அறையொலி மட்டும். இசை வேண்டாம்.)

(அவர் குரல். கதைக்குள் நுழையும் பகுதி. ஏறத்தாழ 35 நொடி. கடைசி ‘ஆமா’வும் ஜால்ராவின் கடைசித் தட்டும் முடியும்வரை.)

பிறந்த ஊரும் ஆண்டும் முதல் வரியில் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஓசை வந்து, அது எதன் ஓசை என்று தெரிந்த பிறகுதான் பெயருக்கு மதிப்பு வருகிறது. ஆண்டை எண்ணாக எழுதாமல் சொல்லாக விரித்து எழுதியதற்கும் காரணம் உண்டு. எண்ணைப் பார்த்ததும் சிலர் ஆங்கிலத்தில் வாசித்துவிடுவார்கள்; சிலர் தடுமாறுவார்கள். ‘அன்னார் இறைவனடி சேர்ந்தார்’ போன்ற தொடர்களையும் தவிர்த்தேன். அவை அச்சில் பழகியவை. காதில் கேட்கும்போது அறிவிப்புப் பலகையைப் படிப்பது போலிருக்கும். ‘காலமானார்’ என்ற ஒரு சொல் போதும், அதைத் தாங்கத்தான் நான்கு நொடி இருக்கிறதே.

வயது விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். பிறந்த ஆண்டு மட்டும் கையில் இருந்தால், கழித்தலில் வரும் எண் ஒன்று கூடவோ குறையவோ இருக்கலாம். ‘94 வயது’ என்பதும் ‘94ஆவது வயதில்’ என்பதும் ஒன்றல்ல. முன்னது நிறைவடைந்த வயது, பின்னது நடந்துகொண்டிருக்கும் வயது. ஐயம் இருந்தால் ஆண்டுகளை மட்டும் சொல்லுங்கள்.

இன்னொன்று, பதிவுக்கு அனுமதி. இணையத்தில் கிடைத்த பாட்டை அஞ்சலிதானே என்று எடுத்துப் போடுகிறோம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு வரை நீடிக்கிறது. நிகழ்த்திய கலைஞருக்கும் தனி உரிமை 50 ஆண்டு உண்டு. அது பாடியவருக்கு மட்டும் உரியதல்ல, குடம் அடித்தவருக்கும் உடுக்கை வாசித்தவருக்கும் உரியது. பதிவின் உரிமையாளரிடமும் குடும்பத்தாரிடமும் கேளுங்கள். அப்படியே, அந்தப் பதிவில் குடம் யார், உடுக்கை யார், பின்பாட்டு யார் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்களைச் சொல்ல உங்கள் 300 சொல்லில் 15 சொல் எடுத்து வையுங்கள்.

அந்தப் பெயர்களை முடிவுக்கு முன்பாகவே வாசித்துவிட வேண்டும். அதற்குப் பின் நம் குரல் கூடாது. தொடக்கத்தில் வந்த அதே வில்லொலி மீண்டும் ஒருமுறை வரட்டும். கடைசிக் குறிப்பை இப்படி எழுதுங்கள்: (நாணில் ஓர் அடி. ஒலியைக் குறைக்க வேண்டாம். கடைசி மணி தானே அடங்கியபின் 3 நொடி அறையொலி. முடிவு.)